டெலீட் செய்த கால் ரெக்கார்டிங் எங்கே போகிறது?

2025 ஏப்ரல் 3, வியாழக்கிழமை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா ஒருவர், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன். அவர் வீட்டுக்காரர் ஜனவரியில் தவறிவிட்டார். அந்த போனில் எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்ததால், அவர் பேசிய பல அழைப்புகள் ரெக்கார்டிங்காக இருந்தன. மார்ச் மாதம் ஒருநாள் "இடம் போதவில்லை" என்று போன் சொல்லிக்கொண்டே இருக்க, பையன் ஏதோ ஒரு ஃபைல் மேனேஜர் ஆப்பை இறக்கி, பெரிய ஃபோல்டர்களையெல்லாம் காலி செய்திருக்கிறான். வேலை முடிந்ததும் அந்த ஆப்பையும் நீக்கிவிட்டான்.

"தம்பி, மூணே மூணு கால்தான்பா வேணும். மத்ததெல்லாம் போனா போவட்டும்" என்றார் அக்கா.

இதற்கு முன்னால் வேறொரு கடையில் கேட்டிருக்கிறார். 2,500 ரூபாய் ஆகும், போனை ரூட் செய்து, அதாவது கம்பெனி போட்ட தடையை உடைத்து முழு அனுமதி வாங்கி, எடுத்துத் தருகிறோம் என்றார்களாம். நல்லவேளை, அன்று அவர் கையில் பணம் இல்லை. ரூட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னால் சொல்கிறேன். அந்த மூன்று அழைப்புகளைத் தேடிய கதையைச் சொன்னாலே, டெலீட் என்றால் என்ன, எது திரும்ப வரும், எது வராது என்பது புரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது: இடம் கூடியதா?

நான் பையனிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "டெலீட் செய்த பிறகு போனில் காலி இடம் கூடியதா?" அவன் யோசித்துவிட்டு, "இல்லண்ணா, கொஞ்சம்கூட கூடலை. அதனாலதான் வீடியோவையும் அழிச்சேன்" என்றான். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது. அழித்த பிறகும் இடம் கூடவில்லை என்றால், ஃபைல் இன்னும் போனுக்குள்ளேதான் இருக்கிறது. குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கிறதே தவிர, வெளியே போகவில்லை.

ஆண்ட்ராய்டு 11-இலிருந்து போனுக்குள்ளேயே ஒரு பொதுவான குப்பைத்தொட்டி ஏற்பாடு வந்தது. படம், வீடியோ, ஆடியோ போன்றவற்றை ஓர் ஆப் இந்த வழியில் அழிக்கும்போது, ஃபைல் உண்மையில் அழிவதில்லை; இடம்கூட மாறுவதில்லை. இருந்த ஃபோல்டரிலேயே இருக்கும். பெயர் மட்டும் மாறும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும், `trashed` என்ற சொல்லும், ஒரு நீண்ட எண்ணும் ஒட்டிக்கொள்ளும். புள்ளியில் தொடங்கும் பெயரை ஆண்ட்ராய்டு மறைத்து வைக்கும் என்பதால், அந்த ஃபைல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அவ்வளவுதான். 30 நாள் கழித்துத்தான் போன் அதை உண்மையில் அழிக்கும்.

எல்லா ஆப்பும் இந்தப் பொதுத் தொட்டியைப் பயன்படுத்துவதில்லை. சில போன்களின் வாய்ஸ் ரெக்கார்டர் ஆப்பும் ஃபைல் மேனேஜரும் தங்களுக்கென்று தனித் தொட்டி வைத்திருக்கும். சாம்சங்கில் அப்படித்தான்: வாய்ஸ் ரெக்கார்டரில் அழித்தது அதே ஆப்பின் `Trash`-இல் இருக்கும், மை ஃபைல்ஸில் அழித்தது மை ஃபைல்ஸின் `Trash`-இல் இருக்கும். ஆகவே எந்த ஆப்பில் அழித்தீர்களோ, முதலில் அந்த ஆப்பைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Trash`, `Recycle bin`, `Recently deleted` இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். என் கடைக்கு இந்த வேலையாக வருகிறவர்களில் நிறைய பேருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது, காசும் வாங்குவதில்லை.

அக்கா வீட்டில் சிக்கல் என்னவென்றால், அழித்த ஆப்பே இப்போது போனில் இல்லை. போனோடு வந்த ஃபைல் மேனேஜரின் தொட்டியைத் திறந்தால் காலியாக இருந்தது. முந்தைய கடையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் "உள்ளே ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தொட்டி அதன் வழியாக அழித்ததை மட்டுமே காட்டும். வேறு ஆப் பொதுத் தொட்டியில் போட்டது அதில் தெரியவில்லை.

எனவே ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் போய், மறைந்த ஃபைல்களைக் காட்டும் பொத்தானை இயக்கினேன். `Show hidden files` என்று இருக்கும். பிறகு அழைப்புப் பதிவுகள் சேரும் ஃபோல்டருக்குப் போனேன். அது போனுக்குப் போன் மாறும். சாம்சங்கில் `Recordings/Call`, ஷாவ்மியில் `MIUI/sound_recorder/call_rec`. அக்கா போனில் ஃபோல்டரைத் திறந்ததும் வரிசையாக இப்படித் தெரிந்தது:

```
.trashed-1744123500-Call recording Veettukarar_240817_190512.m4a
```

பையனுக்கு முகமே மாறிவிட்டது. "இவ்வளவு நாளா இதுக்குள்ளயேவா இருந்துச்சு!"

இந்தப் பெயரைப் பிரித்துப் படிப்போம். கடைசிப் பகுதி பழைய பெயர்: வீட்டுக்காரர் என்று சேமித்த எண்ணிலிருந்து 2024 ஆகஸ்ட் 17, மாலை 7 மணி 5 நிமிடம் 12 நொடிக்கு வந்த அழைப்பு. நடுவில் இருக்கும் 1744123500 என்பதுதான் முக்கியம். பலர் இதை அழித்த தேதி என்று நினைக்கிறார்கள். இது அழியப்போகும் தேதி. 1970 ஜனவரி 1-இலிருந்து இத்தனை நொடி ஆனதும் என்னை அழித்துவிடு என்று பொருள். லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு வரியில் தேதியாக மாற்றிக்கொள்ளலாம்:

```
date -d @1744123500
```

விடை: 2025 ஏப்ரல் 8, இரவு 8:15. அதிலிருந்து 30 நாள் பின்னால் போனால் மார்ச் 9, ஞாயிறு இரவு 8:15. பையன் அழித்தது அப்போதுதான். ஒரே தடவையில் அழித்த ஃபைல்களுக்கு இந்த எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஃபோல்டரில் நூறு ஃபைல் இருந்தாலும் எது எந்த நாளில் அழிக்கப்பட்டது என்று இதை வைத்தே கூட்டம் கூட்டமாகப் பிரித்துவிடலாம்.

அக்கா வந்தது ஏப்ரல் 3. இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. கெடு முடிந்ததை அழிக்கும் வேலையைப் போன் சும்மா இருக்கும்போது, சார்ஜில் இருக்கும்போது செய்யும். பெரும்பாலான வீடுகளில் அது ராத்திரி தூங்கும் நேரம். அதனால் தேதி தாண்டி ஒருநாள் இரண்டு நாள் ஆகியிருந்தாலும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கெடு நெருங்கியிருந்தால் போனைச் சார்ஜில் போடுவதற்கு முன்பே ஃபைலை வெளியே எடுத்துவிடுங்கள்.

எடுப்பது எப்படி? முதலில் அந்த ஃபைலை வேறொரு ஃபோல்டருக்கு நகல் எடுக்க வேண்டும். பிறகு நகலின் பெயரில் `.trashed-1744123500-` என்ற பகுதியை மட்டும் நீக்கி, மீதியை அப்படியே விட வேண்டும். கடைசியில் `.m4a` என்பது இருந்தே ஆக வேண்டும். அதைத் தவறுதலாக நீக்கிவிட்டுப் பாட்டு ஓடவில்லை என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூலத்திலேயே பெயரை மாற்றினாலும் வேலை நடக்கும். ஆனால் பெயர் மாற்றும்போது சில ஃபைல் மேனேஜர்கள் தகராறு செய்யும். நகல் கையில் இருந்தால் பயமில்லை.

லேப்டாப்பும் `adb`-யும் பழக்கம் உள்ளவர்கள், போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிவிட்டு எல்லா ஃபோல்டரிலும் ஒரே தடவையாகத் தேடலாம்:

```
adb shell "find /sdcard/ -name '.trashed-*'"
```

போலீஸ் புகாருக்கோ கோர்ட்டுக்கோ வேண்டிய ரெக்கார்டிங் என்றால் இங்கே கொஞ்சம் கவனம். நகலில் மட்டும் கை வையுங்கள், மூலத்தின் பெயரைக்கூடத் தொடாதீர்கள், போனையும் விற்றுவிடாதீர்கள். 2024 ஜூலை 1-இலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அது எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். மேற்கொண்டு என்ன செய்வது என்பதை வக்கீலிடம் கேளுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ஸ் மெமோஸில் அழித்தது அதே ஆப்பின் `Recently Deleted` ஃபோல்டரில் இருக்கும். செட்டிங்ஸில் மாற்றாமல் விட்டிருந்தால் 30 நாள். ஐஓஎஸ் 18.1-இல் வந்த கால் ரெக்கார்டிங், நோட்ஸ் ஆப்பில் போய்ச் சேரும். அதனால் அழிந்த அழைப்பை வாய்ஸ் மெமோஸில் தேடிப் பயனில்லை, நோட்ஸின் `Recently Deleted`-இல் தேட வேண்டும்.

சரி, அக்காவின் மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டது. மூன்றாவது மட்டும் ஃபோல்டரில் எந்தப் பெயரிலும் இல்லை. கேட்டதில், அந்த ஒன்றை அவரே பிப்ரவரியில் அழைப்புப் பட்டியலில் இருந்தபடி கைதவறி அழித்துவிட்டார் என்று தெரிந்தது. அந்த வழியில் அழித்தது தொட்டிக்கு வரவில்லை. அப்படியென்றால் அது போனின் நினைவகத்தில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்குமா, தோண்டி எடுக்க முடியுமா? இதற்கு விடை சொல்ல, கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கன்டெய்னர் யார்டும் பதிவேடும்

நம் பக்கத்து ஆட்களுக்கு கன்டெய்னர் யார்டு தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காதவர் யார்? யார்டில் ஆயிரக்கணக்கில் பெட்டிகள். எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்று ஆபீஸில் ஒரு பதிவேடு. பதிவேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால், அந்தப் பெட்டி கணக்கில் இல்லை. ஆனால் பெட்டி அதே இடத்தில்தான் நிற்கிறது. அந்த இடம் காலி என்று நினைத்து வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து வைக்கும்வரை அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

மெமரி கார்டில் டெலீட் என்பது சரியாக இதுதான். பதிவேட்டில் வரி அடிக்கப்படுகிறது. குரல் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் மெமரி கார்டிலிருந்து மீட்பது பெரும்பாலும் நடக்கிற காரியம். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

காசிமேட்டில் படகில் பங்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். பட்டன் போன்கள் பலவற்றில் எல்லா அழைப்பையும் தானாகப் பதிவுசெய்து மெமரி கார்டில் போடும் வசதி உண்டு. இஞ்சின் வேலைக்கு இவ்வளவு ரூபாய் என்று மெக்கானிக் ஏழு நிமிடம் பேசி ஒத்துக்கொண்ட அழைப்பு அதில் இருந்தது. பிறகு மெமரி நிறைந்துவிட்டது என்று போன் காட்ட, பெரியவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கூலித் தகராறு வந்தபோதுதான் அந்த அழைப்பு ஞாபகம் வந்திருக்கிறது.

கார்டை போனிலிருந்து கழற்றினேன். மைக்ரோ கார்டைப் பெரிய அடாப்டருக்குள் போட்டு, அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் சின்ன தள்ளுபூட்டை `LOCK` பக்கம் தள்ளினேன். பலரும் கவனிக்காத பூட்டு அது. அதைத் தள்ளிவிட்டால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கார்டில் எதையும் எழுதாது, படிக்க மட்டும் செய்யும். லேப்டாப்பில் செருகும்போது சில நேரம் "கார்டை ஃபார்மேட் செய்யட்டுமா" என்று விண்டோஸ் கேட்கும். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

நான் பயன்படுத்தியது `PhotoRec`. இலவசம். பெயரைப் பார்த்துப் படங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஆடியோவையும் எடுக்கும். அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. யார்டில் நேராக நடந்துபோய், ஒவ்வொரு பெட்டியின் முகப்பையும் பார்த்து, இது ஆடியோ, இது படம் என்று அடையாளம் காண்கிறது. ஒவ்வொரு வகை ஃபைலின் தொடக்கத்திலும் ஒரு அடையாளம் இருக்கும். `.amr` ஃபைல் என்றால் முதல் எழுத்துகள் `#!AMR`. அதைப் பிடித்துக்கொண்டு தேடும். `File Opt` என்ற இடத்தில் `amr`, `riff` இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தேன். `.wav` ஃபைல்கள் அங்கே `riff` என்ற பெயரில்தான் இருக்கும். மீட்டதைச் சேமிக்கும் இடமாக லேப்டாப்பின் ஒரு ஃபோல்டரைக் கொடுத்தேன். அந்தக் கார்டிலேயே சேமித்தால், தேடிக்கொண்டிருக்கும் பெட்டியின் மேலேயே இன்னொரு பெட்டியை வைத்ததாக ஆகிவிடும்.

41 ஃபைல்கள் வந்தன. பெயர்கள் போய்விடும், `f0124416.amr` என்பதுபோல எண்தான் இருக்கும். பெயர் பதிவேட்டில் இருந்தது, குரலோடு இல்லை. அப்படியானால் 41-இல் எது அந்த அழைப்பு? இங்கே ஒரு கணக்கு கைகொடுக்கும். அந்த போன் `.amr`-ஐ நொடிக்கு 1,600 பைட் அளவில் எழுதியிருந்தது, நிமிடத்துக்குச் சுமார் 96,000. ஆக ஏழு நிமிட அழைப்பு 670 கேபி அளவில் இருக்க வேண்டும். அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். 600-க்கு மேல் ஒன்றுகூட இல்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டோம். மெக்கானிக் குரல் வந்தது 200 கேபி ஃபைல் ஒன்றில். இரண்டு நிமிடம் போய் சட்டென்று நின்றுவிட்டது. காரணம் எளிது. அழித்த பிறகு இரண்டு நாள் அதே போனில் பேசியிருக்கிறார், தானியங்கிப் பதிவு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. புது அழைப்புகள் பழைய அழைப்பின் மேல் போய் உட்கார்ந்துவிட்டன. முதல் இரண்டு நிமிடத்தில் நலம் விசாரிப்பும் மீன் வரத்தைப் பற்றிய பேச்சும்தான். தொகை பேசிய இடம் போய்விட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. அழித்த அன்றே கார்டைக் கழற்றி வைத்திருந்தால் முழுதாக வந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது.

போனின் உள் நினைவகம் வேறு மாதிரி

அக்காவின் மூன்றாவது அழைப்புக்கும் இதையே செய்ய முடியாதா? முடியாது. காரணம், யார்டு அதே யார்டுதான் என்றாலும் பெட்டிகள் வேறு.

ஆண்ட்ராய்டு 10-உடனோ அதற்குப் பிறகோ வெளிவந்த போன்களில், உள் நினைவகத்தில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பூட்டு, ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. அந்தச் சாவியை உருவாக்கத் தேவையான ரகசிய எண் எங்கே இருக்கிறது தெரியுமா? அந்த ஃபைலுக்கான பதிவேட்டு வரியிலேயே. ஃபைலை அழிக்கும்போது அந்த வரியும் போய்விடுகிறது. அதாவது பெட்டி யார்டில் நின்றாலும் அதன் சாவி உலகத்திலேயே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் இரைச்சல். முகப்பில் `#!AMR` என்றோ வேறு எந்த அடையாளமோ தெரியாது. `PhotoRec` போன்ற எதுவும் அங்கே எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அதோடு முடிவதில்லை. இரவில் போன் சார்ஜில் சும்மா இருக்கும்போது, காலி இடங்களின் பட்டியலை நினைவகச் சிப்புக்கு அனுப்புகிறது. சிப் அந்த இடங்களைத் தன் வசதிக்கு உண்மையாகவே துடைத்துவிடும். யார்டில் ராத்திரி கிரேன் வந்து, கணக்கில் இல்லாத பெட்டிகளைத் தூக்கிப்போவது போல.

இப்போது, "டீப் ஸ்கேன் செய்து அழிந்த ஆடியோவை மீட்போம்" என்று சொல்லும் ஆப்களை யோசித்துப் பாருங்கள். ரூட் இல்லாத போனில் அந்த ஆப்பால் நினைவகத்தின் காலி இடங்களைப் படிக்கவே முடியாது. அதற்கு அனுமதி கிடையாது. அது செய்வதெல்லாம், இன்னும் இருக்கிற ஃபைல்களையும், மேலே சொன்ன `.trashed-` ஃபைல்களையும், மற்ற ஆப்களின் மறைந்த ஃபோல்டர்களையும் தேடிக் காட்டுவதுதான். அதை நீங்களே இலவசமாகச் செய்யலாம். படங்களை மீட்கும்போது அந்த ஆப்கள் வெற்றி பெற்றதுபோலத் தெரிவதற்குக் காரணம், படங்களுக்குச் சின்ன மாதிரி நகல்கள் போனுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும். ஆடியோவுக்கு அப்படி எதுவும் கிடையாது. புது ஆப்பை இறக்குவதே காலி இடத்தில் எழுதுகிற வேலைதான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ரூட் செய்து எடுப்பதாகச் சொன்னார்களே, அதற்கு வருகிறேன். ரூட் செய்ய முதலில், போனை ஆன் செய்ததும் ஓடும் தொடக்க மென்பொருளான பூட்லோடரைத் திறக்க வேண்டும். பூட்லோடரைத் திறக்கும்போது போன் உங்கள் தரவு முழுவதையும் அழித்துவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சாவிகள் அத்தனையும் போய்விடும். அக்கா அன்று சரி என்று சொல்லியிருந்தால், அதுவரை அழியாமல் இருந்த அந்த இரண்டு அழைப்புகளும் சேர்ந்து போயிருக்கும். யாராவது ரூட் என்ற சொல்லை எடுத்தால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே காரணத்தால் ஃபேக்டரி ரீசெட் செய்த போனிலிருந்தும் ஒன்றும் வராது. மெமரி கார்டையும் சிலர் "உள் நினைவகமாக" மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அப்படி மாற்றிய கார்டும் குறியாக்கம் செய்யப்பட்டது, கம்ப்யூட்டரில் செருகினால் எதுவும் படிக்காது.

கூகுள் போன் ஆப்பில் பதிவாகும் அழைப்புகள் இன்னும் கடினம். அவை பொது ஃபோல்டரில் சேர்வதில்லை, ஆப்புக்குள்ளேயே இருக்கும். குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு தானாக அழிக்கும் செட்டிங்கும் அதில் உண்டு. நீங்கள் அழிக்காமலே ரெக்கார்டிங் காணாமல் போகிறது என்றால் முதலில் அந்த செட்டிங்கைப் பாருங்கள். வேண்டிய அழைப்பை அன்றைக்கே பகிர்ந்து வெளியே எடுத்து வைத்தால்தான் உண்டு.

அப்புறம் எங்கே தேடுவது

போனுக்குள் தோண்டுவது முடியாது என்று ஆனபின், மிச்சம் இருப்பது ஒரே வழி: அந்தக் குரலுக்கு வேறு எங்காவது நகல் இருக்கிறதா என்று தேடுவது. எல்லோரும் முதலில் சொல்வது "கூகுள்ல பேக்கப் இருக்கும்ல?" என்பதுதான். ஆண்ட்ராய்டு பேக்கப்பில் தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், ஆப் தகவல்கள் போகும். கூகுள் போட்டோஸில் படமும் வீடியோவும் போகும். ஃபோல்டரில் கிடக்கும் ஆடியோ ஃபைல்கள் இரண்டிலும் போவதில்லை. புதுப் போனில் பேக்கப்பை இறக்கினால், இந்தத் தேதியில் இந்த எண்ணோடு பேசினீர்கள் என்ற வரி வரும். பேசிய குரல் வராது.

நகல் கிடைக்க வாய்ப்புள்ள இடங்கள் வேறு. பீரோவில் கிடக்கும் பழைய போன் ஒன்று. புதுப் போனுக்கு மாறும்போது எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, பழையதை அழிக்காமல் அப்படியே போட்டு வைத்திருப்போம். பேட்டரி செத்திருந்தாலும் மாற்றிப் போட்டு இயக்கிவிடலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் நீங்களே சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டு போங்கள். இன்னொன்று, வாட்ஸாப். ஆண்ட்ராய்டில் வாட்ஸாப் வழியாக ஆடியோ ஃபைல் அனுப்பினால், அனுப்பியவர் போனில் `WhatsApp Audio` ஃபோல்டருக்குள் `Sent` என்ற இடத்தில் தனி நகல் இருக்கலாம். பெற்றவர் அன்றைக்கே அதைத் தொட்டு இறக்கியிருந்தால் அவர் போனிலும் ஒரு நகல் இருக்கும். முழு வழி இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Audio
```

பெயர் மாறியிருக்கும் என்பதால் பழைய பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. `AUD-`, அதன்பின் அனுப்பிய தேதி, பிறகு `WA` என்று ஓர் எண். அழைப்பு வந்த தேதி அதில் இருக்காது, அனுப்பிய தேதிதான் இருக்கும். மைக்கை அழுத்திப் பேசி அனுப்பிய வாய்ஸ் நோட்டு என்றால் பக்கத்தில் இருக்கும் `WhatsApp Voice Notes` ஃபோல்டரில், `PTT-` என்று தொடங்கும்.

அக்காவிடம் கேட்டேன், "இந்த மூணாவது காலை யாருக்காவது அனுப்பினீங்களாக்கா?" முதலில் இல்லை என்றார். பிறகு அந்த அழைப்பில் என்ன பேசினார் என்று கேட்டதும் அவருக்கே பிடிபட்டது. நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போக முடியாது என்று கோபித்துக்கொண்டிருந்த அக்காவை, அவர் வீட்டுக்காரர் சமாதானம் செய்த அழைப்பு அது. "உங்க அண்ணன் பேசுறதைக் கேளு" என்று நாத்தனாருக்கே அனுப்பியிருக்கிறார். 2024 நவம்பர் முதல் வாரத்தில்.

அக்கா போனில் `Sent` ஃபோல்டரையும் பையன் அன்றே காலி செய்திருந்தான். அவன் அதைத் தொட்டிக்கு அனுப்பாமல் நிரந்தரமாக அழித்திருந்தான் போலிருக்கிறது, `.trashed-` எதுவும் அங்கே இல்லை. நாத்தனார் திருவொற்றியூரில் இருக்கிறார். அரட்டையை எப்போதோ அழித்துவிட்டதாகப் போனில் சொன்னார். அரட்டையை அழித்தாலும், மீடியாவையும் சேர்த்து அழிக்கும்படி டிக் போடாவிட்டால் ஃபைல் ஃபோல்டரில் நிற்கும் என்று சொல்லி, எதையும் தொடாமல் மறுநாள் கடைக்கு எடுத்துவரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தார்கள். `WhatsApp Audio` ஃபோல்டரைத் திறந்து தேதி வாரியாக அடுக்கினேன். `AUD-20241102-WA0007.m4a`. தொட்டதும் ஓடியது, நான்கு நிமிடம் பதினோரு நொடி, முழுசாக. மூன்று ஃபைல்களையும் பையன் போனுக்கும் ஒரு பென் டிரைவுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தேன். அக்கா போனில் அந்தத் தொட்டியில் மிச்சம் கிடந்த அறுபத்துச் சொச்சம் அழைப்புகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அதையும் எடுத்துக் குடுத்துடு தம்பி" என்றார்.